கொஞ்சம் கரகரப்பான குரல்

மாரப்பன் இறந்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. அவருடைய மகனுக்கு இன்னும் தெரியாது.

இரவு ட்யூட்டி முடிந்தும் முருகேஸ்வரி வீட்டுக்குக் கிளம்பவில்லை. நர்ஸ் மேசையில் உட்கார்ந்து மூன்றாவது தாளை எடுத்தாள்.

வலி தணிப்புப் பிரிவில் அது வழக்கம். கடைசி மூச்சின்போது யார் பக்கத்தில் இருந்தார்களோ, அவர்தான் குடும்பத்துக்கு எழுத வேண்டும்.

மலையாளியான ஹெட் நர்ஸ் ஜின்சி முதல் இரண்டு தாள்களையும் திருப்பித் தந்திருந்தாள்.

முதல் தாளில் 'நம்மை விட்டுப் பிரிந்தார்' என்று இருந்தது. முதல் வரியிலேயே 'இறந்தார்' என்று எழுது, படிப்பவர் நம்பிக்கையோடு அடுத்த வரிக்குப் போகக் கூடாது என்றாள் ஜின்சி. நோயின் பெயரையும் அடித்தாள். கடிதத்தை வேறு யார் பிரிப்பார்களோ தெரியாது.

இரண்டாவதில், 'ஒருநாளும் வலி இல்லை' என்ற வரியை அடித்தாள். மார்ஃபின் மருந்தின் அளவு சரியாக அமையும் வரை, முதல் நான்கு நாட்கள் அவருக்கு வலி இருந்தது. 'கடைசி வாரத்தில் வலி கட்டுக்குள் இருந்தது' என்று மேலே எழுதினாள்.

"உள்ளது மட்டும் எழுதுக மோளே. அவர் எப்படிப்பட்ட ஆளுன்னு காட்ட ஒரு சின்ன காரியம் போதும்."

அந்தச் சின்ன காரியம்தான் முருகேஸ்வரிக்கு வரவில்லை. வந்ததெல்லாம் மகனைப் பற்றியதாக இருந்தது.

மாரப்பன் வந்த புதிதில் மூன்று நாட்கள் கஞ்சியைத் தொடவில்லை. அவள் கெஞ்சிப் பார்த்தாள். அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். மகன் ஒருவன் உண்டு, ஒன்பது வருடமாக ஆகாது, திருப்பூரில் எங்கேயோ இருக்கிறான், நம்பர் கிடையாது. அவ்வளவுதான் அவர் சொல்லியிருந்தார்.

நான்காம் நாள் அவளாகவே சொன்னாள்.

"உங்க மகன் வார்டு போனுக்குக் கூப்பிட்டாரு. அப்பா சாப்பிட்டாரான்னு கேட்டாரு."

மாரப்பன் அவளையே வெகுநேரம் பார்த்தார்.

"அப்பிடியா அம்மிணி. கொரல் எப்பிடி இருந்துச்சு?"

"கொஞ்சம் கரகரப்பா இருந்துச்சு."

அவர் சிரித்தார். இருமல் வரும் வரை சிரித்தார். பிறகு வாயைத் திறந்தார். நான்கு கரண்டி கஞ்சி இறங்கியது.

அன்றிலிருந்து தினமும் அதே கேள்வி. "இன்னிக்கு என்ன சொன்னான்?"

அவள் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. மழை பெய்ததாம். பஸ் கிடைக்கவில்லையாம். மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொன்னாராம். மாரப்பன் கண்ணை மூடிக் கேட்பார். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குள் எரிந்தது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தது அவள். குதிகாலுக்கடியில் தலையணை வைத்தது அவள். படுத்த படுக்கையாகக் கிடந்தும் அந்த முதுகில் ஒரு புண் கிடையாது. ஆனால் கஞ்சி இறங்கியது மகன் பேச்சுக்கு. பகல் நர்ஸ்களிடம் அவர் பெருமையாகச் சொன்னதும் மகனைத்தான்.

ஒரு நாள் அவள் வேண்டுமென்றே சொன்னாள்.

"இன்னைக்கு அவரு கூப்பிடல."

மாரப்பனுக்கு வருத்தமே இல்லை. "செரி, நாளைக்குக் கூப்பிடச் சொல்லு அம்மிணி" என்றார். கூப்பிடாதபோதும் அவனைக் கோபிக்க ஆளில்லை. அன்று அவள் ஈரத்துணியைச் சற்று அழுத்திப் பிழிந்தாள்.

கடைசியாக அவர் பேசியதும் அந்தக் கேள்விதான். மகன் வருகிறேன் என்று சொன்னதாகச் சொன்னாள். அவர் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம் மூச்சு விட்டு விட்டு வந்தது. நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இடைவெளிகள் நீண்டன. ஒரு இடைவெளி முடியவில்லை.

இப்போது எதை எழுதுவது? 'உங்களைத் தினமும் கேட்டார்' என்று எழுதலாம். அது உண்மை. ஆனால் அந்த வரியை அவனுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு போன்கூடப் போடாதவனுக்கு, எல்லா நாளும் போன் போட்ட மகன் என்ற இடம். அந்த மகனைச் செய்தது அவள். பேனாவைத் திறந்து, மூடி, திறந்தாள்.

கடைசியில் எழுதினாள். 'தங்கதுரை அவர்களுக்கு, உங்கள் அப்பா மாரப்பன் இறந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். உங்களைத் தினமும் கேட்டார்.'

அடுத்த வரியில் தான் சொன்ன பொய்யை எழுத வேண்டும். பேனா அங்கேயே நின்றது.

வார்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கொழிஞ்சாம்பாறையில் மாரப்பன் வீட்டுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருக்கும் பாவா. பிணவறையில் கையெழுத்துப் போட்டு உடலை வாங்கி, எரியூட்டும் வரை நின்றவர். பகலில் மட்டும் வருகிறவர் என்பதால் முருகேஸ்வரி அவரைப் பார்த்ததில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"தங்கதுரை அட்ரஸ் கெடைச்சிருச்சுங்க. கம்பெனி மாறிட்டானாம், தேடித்தான் புடிச்சோம்."

மேசைக்கு வந்த ஜின்சி சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். இந்த மாதிரி சேதியைத் தபாலில் முதலில் சொல்லக் கூடாது, குரலில் சொல்லிவிட்டுத்தான் கடிதம் என்றாள்.

"நம்பர் தரூ. இவள் விளிச்சுச் சொல்லட்டும். அப்பனோட கடைசியில் இருந்தது இவளாணு."

முருகேஸ்வரி பேனாவை மூடி வைத்தாள். அந்தக் கரகரப்பான குரலை நிஜமாகவே கேட்கப் போகிறாள்.

பாவா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாரப்பண்ணன் உங்ககிட்டச் சொல்லலீங்களா சிஸ்டர்? தங்கதுரைக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காது. பேச்சும் வராதுங்க."