சிங்கப்பூரில் இறங்க வேண்டி

போன் விடாமல் அடித்த பிறகுதான் தைலம்மாள் எடுத்தாள். எடுத்ததும் முதல் பொய்.

"சந்தோஷு சின்னம்மாங்க. கலையரசி."

கலையரசி என்று அவளுக்கு ஒரு தங்கை உண்டுதான். திருநாவலூரில் வாழ்க்கைப்பட்டவள். அக்கா தங்கைக்குப் பேச்சுவார்த்தை நின்று வருஷமாகிறது. பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கட்டிலில் படுத்திருந்த சின்னதுரை தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார்.

மணலூர்பேட்டையில் அந்தத் தெருவுக்கே தெரியும், கப்பல் கம்பெனியிலிருந்து போன் வரும் என்று. மகன் சந்தோஷ் கப்பலில் செகண்ட் ஆபிசர். கரும்பு வெட்டுகிறவர் பிள்ளை நடுக்கடலில் பாதை போடுகிறான் என்று தைலம்மாள் குழாயடியில் சொல்லாத நாள் கிடையாது. அந்தப் பிள்ளைதான் இப்போது ராஜினாமா கடிதம் கொடுத்திருக்கிறான்.

நம்மூரில் வேலை பிடிக்காவிட்டால் மறுநாள் போகமாட்டார்கள், அவ்வளவுதான். கப்பலில் அது நடக்காதாம்.

கடிதம் கேப்டனுக்கு, நகல் சென்னை ஆபீசுக்கு. வீட்டில் உடம்பு முடியாதவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் கடல் வேலையை விட்டு விலகுகிறேன். சிங்கப்பூரில் என்னை இறக்கிவிட வேண்டுகிறேன். பிரேசில் வரைக்கும் போட்டு வைத்த பாதை, வரைபடத் திருத்தம், மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் அடுத்து வருகிறவரிடம் ஒப்படைத்துவிடுகிறேன் என்று எழுதி, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் சேர்த்திருந்தான்.

உடம்பு முடியாதவர் யார் என்று தெரு யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. பொங்கலிலிருந்து சின்னதுரை வெட்டுக்குப் போகவில்லை. கல்வராயன் மலைக்கு மரவள்ளி பிடுங்கக் கூப்பிட்டும் போகவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு பேரும் கள்ளக்குறிச்சி பஸ் ஏறுவார்கள், சாயங்காலம் வாடிப்போய் இறங்குவார்கள். அவரிடம் "எப்படிக் கீதுபா?" என்றால் தலையாட்டுவார். இன்னா வியாதி என்றால் தைலம்மாள் முந்திக்கொண்டு "சுகரு" என்பாள். தெருவில் ஒரு வார்த்தை விட்டால் அது கப்பலுக்குப் போய்ச்சேர ரொம்ப நேரம் ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்பீக்கரில் பேசிய கம்பெனிப் பெண் பொறுமைசாலி. நிறுத்தி நிறுத்தி விளக்கினாள்.

ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. தானாக விலகுகிறான் என்றால் ஒரு மாச நோட்டீஸ். அதற்குள் கப்பல் சிங்கப்பூரைத் தாண்டிவிடும், அப்புறம் பிரேசில் வரைக்கும் தண்ணீர்தான். ஊர் திரும்பும் டிக்கெட் செலவும் அவன் தலையில். வீட்டில் நிஜமாகவே உயிருக்கு ஆபத்து என்றால் நோட்டீஸ் தேவையில்லை, கம்பெனியே அனுப்பிவைக்கும். ஆனால் ஓர் ஆபிசர் குறைந்தால் கப்பல் நகரக்கூடாது. மாற்று ஆள் இன்றைக்கே விமானம் ஏற வேண்டும், அவருக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. ஆகவே கேட்கிறாள்: நிலைமை நிஜமா?

சின்னதுரை கையை ஆட்டிக் காட்டினார். சொல்லு.

தைலம்மாள் முறைத்தாள். இன்னும் கொஞ்ச மாசம் கடலில் ஓடினால் பையன் சீஃப் ஆபிசர் பரீட்சை எழுதலாம். இப்போது இறங்கினால் அந்தக் கடல் கணக்கு பாதியில் நின்றுபோகும்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. இங்க எல்லாரும் நல்லாதான் கீறோம். டாக்டரு கொஞ்சம் ஜாஸ்தியா எழுதிட்டாரு. பையனுக்கு வூட்டு ஞாபகம், அதான் எதையோ எழுதிக்கினு கீறான்."

கட்டின புருஷன் கட்டிலில் கிடக்கும்போது இப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும். மதில் ஓரம் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு இசைவாணி, ஒரே ஜாக்கெட்டை உதறி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள், வாயில் கை வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்போ மாத்து ஆளோட டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறேம்மா. கேப்டனுக்கும் சொல்லிடறேன்."

"பண்ணிடுங்க" என்றாள் தைலம்மாள்.

சின்னதுரை எழுந்தார்.

முனகவில்லை. சுவரைப் பிடிக்கவில்லை. லோடு ஏற்ற லாரி வந்துவிட்டது என்று ஓடுகிறவர் மாதிரி வந்து போனைப் பிடுங்கினார். நோயாளி ஓடுகிறாரே என்று இசைவாணிதான் பதறினாள்.

"அம்மா, டிக்கெட்ட கேன்சல் பண்ணிடாதீங்க. நான் அவனோட அப்பன். நான் கல்லாட்டம்தான் கீறேன். அந்த ரிப்போர்ட்ட பையனுக்கு அனுப்பினதே நான்தான்."

தைலம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பவில்லை.

"இம்மாநேரம் உங்ககிட்ட பேசிக்கினு இருந்தது சின்னம்மா இல்லீங்க. அதான் அவனோட அம்மா. இவளுக்குத்தான் ரெண்டு கிட்னியும் போயிட்ச்சு."