கடைசிப் பாரா

"இதை எழுதினது நீதானாம்மா?"

பேராசிரியர் தாமோதர் கேட்டதும் நாகஜோதியின் கண் கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்குப் போயிற்று. அதிலேயே பாதி தெரிந்துபோயிற்று அவருக்கு.

ராஜபாளையத்தில் அந்தக் கல்லூரியில் தாமோதர் சார் என்றால் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் உதறல்தான். கட்டுரை கொடுக்கும்போதே சட்டம் சொல்லியிருந்தார். வெளியாள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். அந்த ஆள் எழுத்துப்பிழை, புள்ளி, கமா திருத்தலாம். ஒரு வாக்கியம் விளங்காவிட்டால் அடிக்கோடு போட்டு 'விளங்கவில்லை' என்று ஓரத்தில் குறிக்கலாம். அதை மாற்றி எழுதுவது மாணவர் வேலை. புதுக் கருத்து, புதுத் தகவல், புது வரி எதுவும் வெளியாள் கை வழியாக வரக்கூடாது. உதவினவர் பெயரைக் கீழே போட வேண்டும். மீறினால் பூஜ்யம். பூஜ்யம் வாங்கினால் அந்தப் பாடத்தையே மறுபடி எழுத வேண்டும்.

"நாலு பக்கம் நீ எழுதினது. உங்கப்பா செண்பகத்தோப்புப் பக்கம் மாந்தோப்புக்குக் காவல் போறது, யானை வந்தா தகரத்தைத் தட்டுறது, எல்லாம் உன் குரல். கடைசிப் பாராவுல மட்டும் யாரோ மைக் பிடிக்கிறாங்களே."

வாசித்துக் காட்டினார்.

"'ஆகவே, இயற்கை என்னும் அன்னையின் மடியில் மனிதகுலம் தலைசாய்க்கும் அந்தப் பொன்னாள் வெகுதொலைவில் இல்லை.' இதை நான் எங்கேயோ படிச்சிருக்கேன். யாரோ பெரிய ஆள் எழுதினது. எங்கே திருடினே?"

திருட்டு என்றதும் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

"திருடல சார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப் பண்ணுவாங்கள்ல, ராம்கி அண்ணன். பிழை மட்டும் பாருங்கன்னுதான் குடுத்தேன்."

"கூப்பிடு அந்த ஆளை."

ராம்கி பைக்கில் வந்து இறங்கினான். கையில் அரைக்கிலோ பால்கோவா. கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்துப் பழகினவன், எங்கே போனாலும் இனிப்போடுதான் போவான்.

"அதை அந்தப் பக்கம் வை. இந்தப் பிள்ளை கட்டுரையில என்னென்ன பண்ணினே?"

"எழுத்துப்பிழை பாத்தேன் சார். ற, ர நெறைய."

"அது சரி."

"ஒரு வாக்கியம் அரைப் பக்கத்துக்குப் போச்சு. ரெண்டா வெட்டலாம்னு மஞ்சக் கலர் போட்டுக் காட்டுனேன். தங்கச்சிதான் வெட்டுச்சு."

"அதுவும் சரி. நீ காட்டினே, அவ முடிவு பண்ணினா."

ராம்கிக்குத் தெம்பு வந்துவிட்டது. "பொறவு, ஏழு யானைன்னு எழுதியிருந்துச்சு. பேப்பர்ல அஞ்சுன்னு போட்டிருந்தான். மாத்திட்டேன்."

"எங்கப்பா எண்ணுனாக சார், ஏழுதான்" என்றாள் நாகஜோதி.

"பாத்தியா? சந்தேகம்னா ஓரத்துல ஒரு கேள்விக்குறி போட்டுக் கேக்கணும். நீயா மாத்தக்கூடாது. யானையைப் பாத்தது அவங்கப்பா, நீ இல்லை. சரி, கடைசிப் பாரா?"

"அது நான் போட்டதுதான் சார். தங்கச்சி பாட்டுக்கு, யானை போயிருச்சு, அப்பா வந்து படுத்துட்டாருன்னு முடிச்சிருந்துச்சு. அது ஒரு முடிவா? பந்தியில பாயசம் ஊத்தாம எழுப்பிவிட்ட மாதிரி இருந்துச்சு. மனசு கேக்கல."

தாமோதர் நாகஜோதியைப் பார்த்தார். "நீ பார்க்கலையா?"

"பாத்தேன் சார். நல்லாருந்துச்சு. விட்டுட்டேன்."

தாமோதருக்குப் பாவமாக இருந்தது. சட்டத்துக்கும் பாவத்துக்கும் நடுவில் பேனா மூடியைத் திறந்து, மறுபடி மூடினார்.

"உண்மையைச் சொன்னே. அதனால பூஜ்யம் போடலை. அந்தப் பாராவை எடு. அப்பா வந்து படுத்தாருங்கிற உன் முடிவையே போடு, அதுதான் நல்ல முடிவு. ஏழு யானையும் திரும்பி வரட்டும். பிழை பார்த்தது யாருன்னு கீழே எழுது. நாளைக்கு வகுப்பு முன்னாடி நின்னு, எது என்னுது, எது என்னுது இல்லைன்னு சொல்லிட்டு வாசி."

"சரி சார்." பிள்ளைக்கு மூச்சு வந்தது.

ராம்கி மட்டும் போகாமல் நின்றான்.

"ஏம்ப்பா, இப்படி ஊருக்கே பாரா எழுதிக் குடுக்கிறியா?"

"ஊருக்கேன்னு இல்ல சார். முடிவு சப்புன்னு இருந்தாப் போடுவேன். ஒரே பாராதான். இயற்கைங்கிற எடத்துல கல்வி, சுகாதாரம்னு தலைப்பை மட்டும் மாத்திக்கிடுவேன்."

"வெக்கமா இல்லை? நீ எழுதினதைத் தன் பேர்ல விடுறவங்களைச் சொல்லணும். யாரா இருந்தாலும் இதே தண்டனைதான். வகுப்பு முன்னாடி நின்னு சொல்லியே ஆகணும்."

"யாரா இருந்தாலுமா சார்?"

"யாரா இருந்தாலும்."

ராம்கி தலையைச் சொறிந்தான்.

"எங்கேயோ படிச்சிருக்கேன்னீங்களாமே சார், தங்கச்சி போன்ல சொல்லுச்சு. அது நான் டைப் பண்ணுன போன வருசக் கல்லூரி மலர்ல. 'மாணவரும் நேர்மையும்'னு நீங்க எழுதுன கட்டுரை. நேர்மை என்னும் அன்னையின் மடியில்னு முடியும், அதுவும் நான் போட்ட பாராதான். அச்சுக்கு முந்தி பாக்கச் சொல்லிப் புரூஃப் கூட அனுப்புனேன். நல்லாருக்கு, போடுன்னு பதில் போட்டீக."

தாமோதர் பால்கோவாப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகஜோதி ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"நாளைக்கு வகுப்புல யாரு சார் மொதல்ல வாசிக்கிறது?"