திங்கட்கிழமை வாங்க, பேசணும்

“பேசணும்னா எதைப் பத்தின்னு ஒரு வார்த்தை போட்டா விரலா தேஞ்சிடும்?”

பல்செட் செய்யும் அந்தப் பட்டறையில் காலையிலிருந்து அவள் இதைக் கேட்பது நாலாவது முறை. எதிர் மேசையில் மாவு அண்ணன் அச்சுக்கு மாவு குழைத்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக அந்த வெள்ளை மாவிலேயே புழங்கியதில் சொந்தப் பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும்.

“எங்க, மறுபடியும் காட்டு” என்றார்.

கைப்பேசியை நீட்டினாள். சனிக்கிழமை சாயங்காலம் பட்டறை எண்ணிலிருந்து முதலாளி அனுப்பியது. ‘திங்கட்கிழமை மதியம் அறைக்கு வாங்க. பேசணும்.’

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ‘சரி சார்’னு போட்டேன். பார்த்துட்டார்னு நீலக் கோடு விழுந்துச்சு. அப்புறம் பேச்சு மூச்சே இல்ல. என்னை வேலையை விட்டு நிறுத்தத்தான் போறார்ணே. எங்க வீட்டுக்காரரும் ஆலை மூடி ஆறு மாசமா வீட்ல இருக்கார். இந்த வேலையும் போச்சுன்னா என்ன செய்வோம்?”

“உன்னை எதுக்கு நிறுத்தணும்?”

“அதைத்தானே ரெண்டு நாளா தேடறேன். போன மாசம் ஒரு கீழ்த்தாடை செட் சரியா கடிக்கலைன்னு திரும்பி வந்துச்சே, அதுவா இருக்குமோ? புதன்கிழமை பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பினேன், அதுவோ? முதலாளியோட மச்சினர் வந்தப்ப நான் எழுந்திருக்கல. காரணத்தை அவர் சொல்லாம விட்டுட்டாரா, என் மனசு ஒவ்வொண்ணா எடுத்து அந்த இடத்துல வச்சு வச்சுப் பாக்குது. நல்லதா ஒண்ணுகூட அதுக்குத் தோண மாட்டேங்குது. சாமி கும்பிட உக்காந்தாக்கூட ‘பேசணும்’தான் கண்ணு முன்னாடி நிக்குது.”

மாவு அண்ணன் எட்டிப் பார்த்தார். “அது கிடக்கட்டும் தங்கச்சி. வலது கோரைப்பல்லைக் கொண்டுபோய் இடது பக்கம் வச்சிருக்கியே. யாரோ ஒரு பெரியவர், பாவம், சிரிக்கவே பயப்படுவார்.”

ஏழு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் கை அப்படித் தவறியதில்லை. மெழுகைச் சூடாக்கிப் பல்லைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் பக்கத்துப் பல்லும் சேர்ந்து வந்தது.

மதியம் முதலாளியின் அறைக்குள் நுழைந்தபோது அவளுக்குப் பாதி உயிர்தான் இருந்தது. அவர் முகச்சவரம் செய்திருக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன. மேசைமேல் ஒட்டிய பழுப்பு உறை ஒன்று. அதைப் பார்த்ததும் மிச்ச உயிரும் போய், அந்த இடத்தில் எரிச்சல் வந்து உட்கார்ந்தது.

“உட்காருங்கம்மா.”

“நின்னே கேட்டுக்கறேன் சார். நிறுத்தறதா இருந்தா நிறுத்திடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். ‘பேசணும்’னு மொட்டையா எழுதி இனிமே யாருக்கும் அனுப்பாதீங்க. நேர்ல சொன்னா முகம் தெரியும், குரல் தெரியும். எழுத்துல என்ன சார் தெரியும்? கோபமா, சிரிச்சிட்டே எழுதினீங்களான்னு நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?”

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

“மூணு விஷயம் போதும் சார். எதைப் பத்தி, எவ்வளவு நேரம், என்மேல தப்பு இருக்கா இல்லையா. ‘அம்மா, வேலை நேரத்தைப் பத்திப் பேசணும். உங்க மேல குறை ஒண்ணும் இல்ல. திங்கட்கிழமை பத்து நிமிஷம் வர முடியுமா?’ இப்படிப் போட்டிருந்தா நான் பாட்டுக்குத் தூங்கியிருப்பேன்.”

“நிஜமாவே கெட்ட விஷயமா இருந்தா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அப்பவும் எதைப் பத்தின்னு சொல்லணும் சார். ‘ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க’ன்னு பொய் சொல்லக் கூடாது. அடுத்த தடவை உண்மையிலேயே ஒண்ணுமில்லாதப்பகூட நம்ப மாட்டோம். எழுத முடியாத விஷயம்னா, பேசறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அனுப்புங்க. சனிக்கிழமை அனுப்பிட்டு திங்கட்கிழமை வரைக்கும் ஊறப் போட்டா, மனுஷன் என்ன அரிசியா?”

முதலாளி பெருமூச்சு விட்டார். “நீங்க சொல்றது அத்தனையும் நியாயம். எனக்கே தெரியும்மா. நானும் மூணு நாளா தூங்கல.” உறையை அவள் பக்கம் நகர்த்தினார். “பிரிச்சுப் பாருங்க.”

பிரித்தாள். உள்ளே ஒரு கடிதம்: ஜன்னலோர மேசை அவளுக்கு. பல்செட்டை மெருகேற்றப் புது இயந்திரம். சனிக்கிழமை அரை நாள் விடுமுறை.

“இதுக்கு மேல என்ன வேணும்னாலும் கேளுங்கம்மா. எதிர்த்தெருவில புதுசா வந்திருக்கிற பட்டறைக்கு மட்டும் போயிடாதீங்க. நீங்க போனா நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்.”

“நானா? நான் போறேன்னு யார் சார் சொன்னது?”

அவர் சட்டைப்பையிலிருந்து தன் சொந்தக் கைப்பேசியை எடுத்து, அவளுக்குத் தெரியும்படி திருப்பி வைத்தார். வெள்ளிக்கிழமை மாலை, அவளுடைய எண்ணிலிருந்து வந்த செய்தி அது: ‘சார், உங்ககிட்ட பேசணும்.’

தலைக்கு மேலே மின்விசிறி கிறீச்சிடுகிறது, ஆள் விட்டு எண்ணெய் போடச் சொல்லுங்கள் என்று எழுத வந்தவள், பஸ் வந்த அவசரத்தில் பாதியில் அனுப்பிவிட்டு, அதை அன்றே மறந்தும் போயிருந்தாள்.