வாய்க்குப் பழகிய சொல்

உறையைக் கிழிக்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. நாள் தவறாமல் போனில் பேசுகிற அம்மா கடிதம் எழுதுகிறாள் என்றால், அது வாயால் சொல்ல முடியாத சங்கதி.

கட்டிலின் மேல்தட்டில் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் அந்தத் தொழிலாளர் விடுதி முழுக்கத் துவைத்த துணியின் வாசம்.

'அன்புள்ள கருணாகரனுக்கு. போனில் சொன்னால் உன் அறையில் இருப்பவர்கள் காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் பேசும்போது யாரோ ஒருவன் உன்னைக் கூப்பிட்டான். நீ அவனுக்கு ஒரு சொல் சொன்னாய். பிறகு என்னிடம், இரும்மா என்று சொல்லி, அதே சொல்லை என் பக்கமும் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாய். நீ சொன்னது உனக்கே தெரியவில்லை. அதுதான் ராசா எனக்குப் பயமாக இருக்கிறது.'

அவனுக்குக் காது சுட்டது.

அம்மா அந்தச் சொல்லை எழுதவில்லை. எழுத வந்து, பேனாவை ஊன்றி நின்ற இடத்தில் மட்டும் ஒரு நீலப் புள்ளி.

'உங்க அப்பா லாரி ஓட்டினவர். ரோட்டில் அவர் வாய் எப்படி என்று ஊருக்கே தெரியும். ஆனால் வாசலில் செருப்போடு வாயையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நீயோ ஆட்டுக்குட்டியைக்கூட "வாங்க, போங்க" என்று கூப்பிட்ட பிள்ளை. தெருவே சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன்.'

அந்த ஆட்டுக்குட்டியின் ஈர மூக்கு அவன் உள்ளங்கையில் வந்து முட்டியது. பட்டுக்கோட்டை வெயில். அம்மா அடுப்படியிலிருந்து, "அவுங்க தண்ணி குடிச்சாங்களான்னு கேளுடா" என்கிறாள். சிரிக்காமல்தான் கேட்கிறாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்தச் சொல் அவன்மேல்தான் விழுந்தது. கப்பல் பட்டறையில், மேஸ்திரி வாயிலிருந்து. அன்று அவனால் சாப்பிட முடியவில்லை.

பிறகு புரிந்தது. கப்பலின் வயிற்றுக்குள் இரும்பைத் தேய்க்கிற பத்து கிரைண்டர் ஒன்றாக ஓடும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எட்டாது. அந்தச் சொல் எட்டும். இரும்பில் பட்டுத் தெறிக்கும். ஒருமுறை சங்கிலி அறுந்து தகடு சரிந்தபோது, அதைச் சொல்லித்தான் ஒருவனை விலகவைத்தான்.

அதன்பின் டீ கேட்கவும் அதுவே. சிரிக்கவும் அதுவே. கடைசியில் அதற்கு அர்த்தமே இல்லாமல் போனது. பேச்சில் மூச்சு வாங்குகிற இடமாகிவிட்டது.

'ஒன்று மட்டும் நினைத்துப் பார். அந்தச் சொல் யாரைத் திட்டினாலும் அவனைத் திட்டுவதில்லை. அவனைப் பெற்றவளைத்தான். எங்கேயோ சோறு வடித்துக்கொண்டிருப்பாள். அவள் உனக்கு என்ன செய்தாள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.'

கீழ்க்கட்டிலில் ரஃபீக் யாருடனோ வங்காள மொழியில் பேசிக்கொண்டிருந்தான். பங்களாதேஷ்காரன். இரண்டு வருடமாக ஒரே அறை, ஒரே வேலை. தமிழ் முழுக்க இவனிடம் கற்றது.

ரஃபீக் எழுந்து போனை மேலே நீட்டினான்.

"எங்க அம்மா. ஒன்ன பாக்கணுமாம்."

திரையில் ஒரு தகர வீடு. வெங்காயம் அரிந்த கையைச் சேலையில் துடைத்தபடி ஒரு பெண். இவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மகனைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்கு மரியாதையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று முன்பே கேட்டுப் பழகிவைத்திருந்தாள் போலிருக்கிறது.

புன்னகையோடு, எழுத்து எழுத்தாக, அந்தச் சொல்லால் அவனைக் கூப்பிட்டாள்.

ரஃபீக் பெருமையாகச் சிரித்தான். "நான் சொல்லிக் குடுத்தது. நீ என்னை ஆசையா அப்படித்தானே கூப்பிடுற."

அவன் எழுந்து உட்கார்ந்தான். மேற்கூரையில் தலை இடித்தது.

"அம்மா... எம் பேரு கருணா. கருணான்னு கூப்பிடுங்க."

ரஃபீக் மொழிபெயர்த்தான். அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "கொருணா." அவளுக்கு அது பிடித்துவிட்டது. இன்னொரு முறையும் சொன்னாள்.

ரஃபீக்கின் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"ஏன், அதுக்கு என்ன?"

அவன் திரையைப் பார்த்தான். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா போனை வைக்கட்டும்," என்றான். "சொல்றேன்."