முதல் மூன்று நொடி

அம்மா எழுதிய கீர்த்தனை பிறந்த கதை, ஒரு நிமிட வீடியோவாக வந்திருந்தது. முதல் மூன்று நொடி, சின்னதாக ஒரு சவப்பெட்டி. பிறகு அம்மாவின் பழைய படம்; செத்துப்போன அம்மாவின் குரலில் இயந்திரம் பேசியது: “மகளை அடக்கம் செய்த அன்று எழுதினேன்.” கடைசியில் பல்லவி, வரிகளோடு.

நான்தான் அந்த மகள். குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன்.

வீடியோ போட்ட ஆல்ட்ரினிடம் கத்தினேன். “எங்க தெரு ஆட்கள கோயில்ல கடைசி பெஞ்சுல உக்கார வச்ச கோபத்துல எழுதுன பாட்டுல்ல அது!”

“மொதல்ல அப்படித்தாங்க்கா போட்டேன். பெஞ்சுன்னதுமே எல்லாரும் வீடியோவத் தள்ளிட்டு அடுத்ததுக்குப் போயிட்டாங்க. ஆளுங்க நின்னு பாக்கணும்னு மென்பொருளே கதைய மாத்திருச்சு.”

ஞாயிறு ஆராதனையில் அதைத் திரையில் போட்டார்கள். முன்பெஞ்சுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செத்துப்போன எனக்காக எழுந்து நின்றார்கள்.

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன்.