பெயர் சொல்லும் வீடு

"வாங்க ரெங்கசாமி அண்ணே. நல்லா இருக்கீங்களா?"

பலகை வேலிக்குப் பின்னாலிருந்து குரல் வந்ததும் ரெங்கசாமிக்கு முகம் மலர்ந்தது. "இருக்கேன், இருக்கேன்" என்றபடி ஏழாம் வீட்டுக் கக்கூஸின் சின்னக் கதவைத் தூக்கி, நிறைந்த வாளியை இழுத்துவிட்டு, கழுவிய வாளியை உள்ளே தள்ளினான்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்சந்தில் ஆறு வருஷமாக அவனுக்கு இதே வேலை. அவன் வாளி வண்டியின் சத்தம் கேட்டதுமே பின்வாசல்கள் சாத்திக்கொள்ளும். ஒழுங்காக வந்தால் அவன் வந்து போனதே யாருக்கும் தெரியாது. ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் மட்டும், "எங்கடா அந்தத் தோட்டி?" என்று சந்தே அதிரும். மற்றபடி 'ஏய்'தான். சிரித்துப் பேசினால் தீபாவளிக்குக் கை நீட்டுவானோ என்ற பயம் வேறு. ஒரு 'வாங்க' சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

அந்தக் குரல் கேட்கும் ஏழாம் வீடும் இன்றோடு காலி. அங்கே குடியிருந்த ரயில்வே குமாஸ்தா, கிராணி சபாபதிக்கு ஈப்போவுக்கு மாற்றல். முன்வாசலில் லோரி நின்றது. ரெங்கசாமிக்கு மனசே ஆறவில்லை. கிராணியின் மனைவி சந்திரகலா போவதற்குள் ஒரே ஒருமுறை அவன் முகத்தைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டால் போதும் என்று ஏங்கினான்.

குழாயடியில் கைகால் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு காத்து நின்றான். பின்கதவு திறந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி சந்திரகலா வந்தாள்.

"வணக்கம்மா."

அவள் பார்வை அவன் தலைக்கு மேலே எங்கோ இருந்தது. "ஏய், நீ இந்தச் சந்துல தினம் வர்றவன்தானே? ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"ரெங்கசாமின்னு இங்க யாராச்சும் இருக்காங்களா?"



வேலியில் தொங்கிய கூண்டை அவள் கழற்றினாள். "இந்த மைனா பொழுதன்னிக்கும் அந்த ஆளத்தான் கூப்பிடுது. எங்க வீட்ல அப்படி ஒருத்தரும் இல்ல. யாருடி அதுன்னு இவரு என்னைக் கேக்கறாரு."

"தெரியலம்மா."

கதவு சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் லோரி புறப்பட்டது. மூட்டை முடிச்சுகளுக்கு நடுவிலிருந்து, "வாங்க ரெங்கசாமி அண்ணே" என்ற குரல் கேட்டுத் தேய்ந்தது.

ஒன்பது மாதமாகக் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, வேலி இடுக்கில் வாழைப்பழத்தைக் கிள்ளிக் கொடுத்து, அவன்தான் மைனாவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தான். அது கூப்பிடக் கூப்பிட, வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒருநாள் அவன் பெயர் வாயில் வந்துவிடும் என்று நினைத்திருந்தான்.