ஆந்தைக் கட்டுரை

“இந்த ஆந்தை விஷயம் உண்மையா, இல்ல மார்க்குக்காக எழுதுனதா?”

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். கழுத்து டை இறுக்கமாக இருந்தது. கங்கா உள்ளே வந்து உட்கார்ந்ததுமே, “கட்டுரைய கொடுங்க, பார்க்கலாம்” என்று கைநீட்டி வாங்கிக்கொண்டவர் அவர். தன் கோப்பின் மேல் முழங்கையை ஊன்றியிருந்தார்.

“உண்மைதான் சார். எங்க வீட்டுக்குப் பின்னாலதான் அந்தக் கூண்டு இருக்கு.”

கோலசிலாங்கூர் டவுனில், கடை வரிசைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். அறிவியல் படிப்புக்கான உபகாரச் சம்பளம். இந்த மாவட்டத்துக்கு ஒரே ஓர் இடம்; இன்று அதற்கு நேர்முகத் தேர்வு. விண்ணப்பத்தோடு ஐந்நூறு சொல்லில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நீங்கள் மனம் மாறிய ஒரு தருணம். பெரிய சாதனை வேண்டாம், சின்னதாக, உண்மையாக இருந்தால் போதும்.

கங்கா முதலில் உலக அமைதி, இன ஒற்றுமை என்று எழுதிப் பார்த்தாள். எதுவும் அவள் மனம் மாறிய கதையாக இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆந்தையை எழுதினாள்.

அசாம் ஜாவா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் எலியைப் பிடிக்க, ஆந்தைகள் வந்து தங்கும் திறந்த மரக்கூண்டு வைத்தார்கள். ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று நம்பி, கூண்டை எடுக்கச் சொல்லி, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சண்டைக்குப் போனவளே அவள்தான். பிறகு ஒருநாள் கூண்டுக்கு அடியில், ஆந்தை கக்கிப்போட்ட உருண்டைகளைப் பார்த்தாள். தண்ணீரில் ஊறவைத்துப் பல்குச்சியால் பிரித்தபோது, முடிக்கு நடுவே எலி மண்டையோடுகள். அடுத்தடுத்த அறுவடைகளில் எலி கடித்த பழக்குலைகளும் குறைந்தன. ஆந்தை தோட்டத்தைக் காப்பாற்றுகிறது என்று முடித்திருந்தாள்.

“ஆந்தை எலிய தின்னுச்சு, சரி,” என்றார் அவர். “எலி குறைஞ்சது ஆந்தையாலதான்னு எப்படிச் சொல்றீங்க?”

“கடிச்ச குலைங்க குறைஞ்சிருச்சே சார்.”

“கூண்டு வைக்காத பக்கம்?”

அந்தப் பக்கம் அவள் போய்ப் பார்த்ததே இல்லை.

“அந்த நேரத்துல தோட்டத்துல எலி மருந்து வச்சாங்களா?”

வைத்தார்கள். மரத்தடிகளில் மெழுகுக் கட்டி மாதிரி மருந்து போட்டுப் போனதை அவளே பார்த்திருக்கிறாள். கட்டுரையில் அதை எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்ததில்லை. அது சம்பந்தப்பட்டதாகவே தோன்றவில்லை.

மருந்து வைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர் தோட்டத்துக்கா போய்ப் பார்க்கப் போகிறார்?

உள்ளறைக் கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டு மூடினார்கள். அவரும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி அவளிடம் திரும்பினார்.

“வச்சாங்களா இல்லியா?”

“வச்சாங்க சார்.”

“அப்ப?”

“அப்ப… நான் முடிச்சது தப்பு. ஆந்தை எலி தின்னுதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் எலி குறைஞ்சதான்னு தெரியாது. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சிட்டேன்.”

அம்மாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தாள். அவர் தாளை மடிப்புக் கலையாமல் அவள் பக்கம் தள்ளினார்.

“கங்கா, உள்ள வாங்க,” என்று குரல் வந்தது.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த டாக்டர் லீலாவதி அவளுடைய கட்டுரையின் பிரதியைக் கையில் வைத்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“ஒரே கேள்விதான். இதுல எழுதுனதுல இன்னும் உறுதியா இருக்கீங்களா?”

வெளியே சொன்னதை இங்கே மாற்றிப் பேச முடியாது. பேசவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

“இல்ல மேடம். ஆந்தை கெட்டதுன்னு நினைச்சது தப்பு, அதுல மாற்றமில்ல. ஆனா கடைசிப் பத்தி தப்பு.” மருந்து வைத்ததைச் சொன்னாள். கூண்டு இல்லாத பக்கத்தைப் பார்க்காததைச் சொன்னாள். “கூண்டு உள்ள பக்கம், இல்லாத பக்கம், ரெண்டுலயும் ஒரே மாதிரி மருந்து வச்சு, கடிச்ச குலைய எண்ணிப் பார்க்கணும். அது வரைக்கும் எனக்குத் தெரியாதுன்னுதான் எழுதணும்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்தவர் பேனாவை மூடினார்.

“காலையிலேர்ந்து இந்த ஓட்டைய நீங்க பார்ப்பீங்களான்னு நாங்க பேசிக்கிட்டு இருந்தோம்,” என்றார் டாக்டர் லீலாவதி. முதல் தடவையாகச் சிரித்தார். “நீங்களே பார்த்துட்டீங்க. எங்களுக்கு இது போதும்.”

கங்காவுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் தனக்குச் சேராத பெருமை வேண்டாம் என்று தோன்றியது.

“நானா பார்க்கல மேடம். வெளிய உட்கார்ந்திருக்காரே, உங்க ஆபீசர், அவர்தான் கேட்டுக் கேட்டுப் பிடிச்சாரு.”

டாக்டர் லீலாவதி பட்டியலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

“ஆபீசரா? அவரும் இந்த ஒரு இடத்துக்குத்தான்லா வந்திருக்காரு.”